பேக்ரவுண்ட் சிக்னல்: தமிழில் என்ன சொல்லலாம்?

ஈரோடு, மொழிபெயர்ப்பாளர்

வணக்கமுங்க. இறக்குமதியை நம்பி ஓடும் நிறுவனங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். கச்சா எண்ணெய் விலையையும் டாலர் குறியீட்டெண்ணையும் அதில் ‘பேக்ரவுண்ட் சிக்னல்’ என்கிறார்கள். ‘பின்னணிச் சைகை’ என்று போட்டால் சினிமா வாடை அடிக்கிறது. வாட்ச்லிஸ்ட்டுக்குக் ‘கண்காணிப்புப் பட்டியல்’ சரிதானுங்களா?

கோவை, பங்கு ஆய்வாளர்

கண்காணிப்பு வேண்டாம் தம்பி. விலை தாறுமாறாக ஆடும் பங்குகளைப் பங்குச்சந்தையே கூடுதல் கண்காணிப்பில் வைக்கிறது. படிக்கிறவர் இதையும் அதுவென்று நினைத்துக்கொள்வார். ‘கவனிப்புப் பட்டியல்’ போதும்.

மற்றதற்குப் பெயர் வைக்குமுன் அது என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஒரு பெயின்ட் நிறுவனம் என்று வையுங்கள். கச்சா பீப்பாய் 75 டாலரிலிருந்து 82 ஆகிறது, டாலர் 84 ரூபாயிலிருந்து 85.50 ஆகிறது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. பெருக்கிப் பாருங்கள்: 6,300 ரூபாய்ப் பீப்பாய் 7,011 ஆகிவிட்டது, 11.3 விழுக்காடு ஏற்றம். தாளில் B கச்சா, C டாலர், 2-ஆம் வரிசை பழைய விலை, 3-ஆம் வரிசை புதிய விலை என்றால்:

```
=(B3*C3)/(B2*C2)-1
```

100 ரூபாய் விற்பனையில் எண்ணெய் வழி வரும் கரைப்பானும் பிசினும் 22 ரூபாய், அவை கச்சாவின் ஏற்றத்தில் பாதிதான் ஏறும் என்று கொண்டால், செலவு சுமார் 1.25 ரூபாய் கூடும். விற்பனை விலையை ஏற்றாவிட்டால் 18 ரூபாய் லாபம் 16.75 ஆகும். ஆனால் கிடங்கில் இரண்டு மாதச் சரக்கு பழைய விலையில் கிடக்கும். அடி அடுத்த காலாண்டில்தான் விழும். இந்தக் காலாண்டு முடிவைப் பார்த்து ‘ஒன்னும் ஆகலையே’ என்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

ஆக, இது வாங்கு, விற்றுவிடு என்று சொல்வதில்லை. எந்த நிறுவனத்தின் கணக்கை இந்த வாரம் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. என் பரிந்துரை ‘பின்புலக்குறி’.

திருப்பூர், ஏற்றுமதிக் கணக்கு

எதுக்குங்க டாலர் விலை, குறியீட்டெண்ணுன்னு ரெண்டு? டாலர் குறியீட்டெண் ஏறினா ரூபாய் இறங்கும். அதை மட்டும் பார்த்தாப் போதும். ‘டாலர்க்குறி’ன்னே வைக்கலாமே.

கோவை, பங்கு ஆய்வாளர்

2022-ல் நீங்கள் சொல்வது சரிங்க. செப்டம்பரில் குறியீட்டெண் 114-ஐத் தொட்டது, ரூபாயும் 80-ஐத் தாண்டி இறங்கியது. 2025-ல் கதை வேறு. குறியீட்டெண் 108-லிருந்து 98 பக்கம் சரிந்தது. ரூபாயோ வலுக்காமல், டாலருக்கு 85.60-லிருந்து 90 பக்கம் இறங்கிவிட்டது. அந்த எண் டாலரை ஆறே நாணயங்களோடுதான் ஒப்பிடுகிறது, அதில் யூரோவின் பங்கு மட்டும் 57.6 விழுக்காடு. ரூபாயும் இல்லை, சீன யுவானும் இல்லை.

அதனால் பெருக்கலுக்கு டாலரின் ரூபாய் விலையைத்தான் எடுக்க வேண்டும். குறியீட்டெண் இன்னொன்றைச் சொல்லும்: உலகெங்கும் டாலர் வலுத்ததா, நம் ரூபாய் தனியாக இளைத்ததா. 2025-ல் யூரோ 89 ரூபாய்க்குள் தொடங்கி 105 பக்கம் வந்தது. ஜெர்மனியிலோ இத்தாலியிலோ யூரோவில் இயந்திரம் வாங்கும் நூற்பாலைக்கு, டாலரில் வாங்குகிறவரைவிடப் பெரிய அடி. குறியீட்டெண் இறங்கியதே என்று நிம்மதியாக இருந்தவர் இதைத் தவறவிட்டிருப்பார்.

கரூர், கொசுவலை நூல்

நாங்க இறக்குமதியே பண்றதில்லைங்க. பிளாஸ்டிக் குருணை மூட்டை உள்நாட்டு ஆலையிலதான் வாங்கறோம், பில்லும் ரூபாயிலதான். எங்களை மாதிரி நிறுவனம் அந்தப் பட்டியலுக்கே வராதுங்களே?

கோவை, பங்கு ஆய்வாளர்

வருமுங்க. அதே குருணையைக் கப்பலில் இறக்கினால் என்ன ஆகும் என்று பார்த்துத்தான் உள்நாட்டு ஆலையும் விலை வைக்கிறது. பில் ரூபாயில் இருந்தாலும் உள்ளே டாலர் இருக்கிறது. ஆனால் கச்சா ஏறியதும் குருணையும் ஏறியே தீரும் என்று எழுதிவிடாதீர்கள். வெளிநாட்டில் புது ஆலைகள் வந்து சரக்கு மிஞ்சினால், கச்சா ஏறியும் குருணை அசையாமல் கிடக்கும். கடைசி ஆறு கொள்முதல் பில்லையும் அந்தந்த வாரத்துக் கச்சா பீப்பாயின் ரூபாய் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எத்தனை வாரம் தள்ளி நகர்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஈரோடு, மொழிபெயர்ப்பாளர்

பட்டியல் பெயரை மாற்றிவிட்டேனுங்க. ‘குறி’தான் உறுத்துகிறது. நம்ம பக்கம் குறி என்றால் கோயிலில் கேட்பது. கோவை அம்மா சொன்னதைப் பார்த்தால் இது வரப்போவதைச் சொல்வதே இல்லையே. ‘பின்புல அளவு’ என்றால்?

திருப்பூர், ஏற்றுமதிக் கணக்கு

அளவுன்னா எங்க பனியன் சைஸுங்க. குறியே இருக்கட்டும்.

கோவை, பங்கு ஆய்வாளர்

தம்பி சொல்லும் குறை நியாயமானது. ஆனால் ‘அளவு’ என்றால் 82 என்ற எண் மட்டும்தான் வருகிறது, ‘போய்ப் பார்’ என்று தட்டியெழுப்பும் வேலை வரவில்லை. அந்த வேலையைச் சொல்லும் சொல் யாரிடமாவது இருக்கிறதா? அதுவரை என் தாளில் பின்புலக்குறி என்றே தலைப்பு இருக்கும்.

கரூர், கொசுவலை நூல்

பில் எடுத்துட்டேனுங்க. வாரம்னு பார்க்கறப்போ பில் தேதியா, மூட்டை வந்து இறங்கின தேதியா?