எக்ஸ்சேஞ்ச் முடங்கியபோது சிக்கிய ஆர்டர்கள்: அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

நண்பர்களே, பிட்காயின் ஃபியூச்சரில் 2 காண்ட்ராக்ட் வாங்கி வைத்திருந்தேன். விலை சரசரவென்று சரிந்தபோது மார்க்கெட் விலையில் விற்க அழுத்தினேன். திரையில் 504 என்ற பிழை மட்டும் வந்தது. ஆர்டர் போகவில்லை என்று நினைத்து, பதற்றத்தில் மேலும் இரண்டு முறை அழுத்தினேன். 17 நிமிடம் கழித்துத் தளம் உயிர்பெற்றதும் மூன்று ஆர்டர்களும் நிறைவேறியிருந்தன. 2 இருந்த இடத்தில் 6 விற்று, 4 காண்ட்ராக்ட் ஷார்ட்டில் நின்றேன். விலையோ அதற்குள் மேலே திரும்பிவிட்டது.

504 என்றால் பதில் வரவில்லை என்றுதான் பொருள். ஆர்டர் சேரவில்லை என்பதல்ல. இது அன்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது பொசிஷன் எடுத்தவுடனேயே ஸ்டாப் மார்க்கெட் ஆர்டரை எக்ஸ்சேஞ்சிலேயே போட்டுவிடுகிறேன். அதில் reduceOnly கட்டாயம்; எத்தனை முறை போனாலும் இருப்பதை மட்டுமே மூடும், எதிர்ப்பக்கம் புதிதாகத் திறக்காது. ஸ்டாப் லிமிட்டை விட்டுவிட்டேன். விலை ஒரே தாவலில் லிமிட்டைக் கடந்தால் அது நிறைவேறாமல் தொங்கும். ஆனால் ஆர்டர்களைப் பொருத்தும் இயந்திரமே நின்றுபோனால் இந்த ஸ்டாப்பும் பயன்படாது.

அதற்காக வேறொரு எக்ஸ்சேஞ்சில் முன்கூட்டியே பணம் வைத்து, அங்கே அதே அளவு ஷார்ட் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். என் பயம் இதுதான்: முதல் தளம் மீண்டதும் ஸ்டாப் நிறைவேறினால் அங்குள்ள பொசிஷன் மூடிவிடும், இரண்டாம் தளத்தில் உள்ள ஷார்ட் துணையின்றி நிற்கும். இதை எப்படிக் கையாளுகிறீர்கள்? இரண்டாம் தளத்தில் எவ்வளவு மார்ஜின் வைக்கிறீர்கள்?