தெர்மாமீட்டர் கோட், பபுள்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

மலர்விழி:
குழுவினருக்கு வணக்கம். மாணவர்களுக்காக, மின்னழுத்தத்தை இரும எண்ணாக மாற்றும் 3 பிட் ஃபிளாஷ் ஏடிசி பற்றிப் பாடக்குறிப்பு எழுதுகிறேன். ஏழு கம்பரேட்டர்கள், மின்னழுத்தம் ஏற ஏறக் கீழிருந்து ஒவ்வொன்றாக 1 ஆகும். நான்கு வரை ஏறினால் 0001111. குறியாக்கி அதை 100 என்று இருமத்தில் தரும். உள்ளீட்டை 'வெப்பமானிக் குறி' என்றிருக்கிறேன். நடுவே 0 புகுந்து 0010111 என்று வந்தால் ஆங்கிலத்தில் பபுள் என்கிறார்கள், தமிழில் அதற்கு என்ன பெயர்?

சுந்தரம்:
'ஒருமைக் குறி' போதும் அம்மா, வெப்பம் எதற்கு? 1களை எண்ணிவிட்டால் குறியாக்கி முடிந்தது. உங்கள் 0010111க்கும் 4 வரும். செல்லாத உள்ளீடு என்ற பேச்சே எழாது.

தேவா:
4 வரும், உண்மைதான் ஐயா. ஆனால் உள்ளீடு கெட்டிருந்தது யாருக்கும் தெரியாமல் போய்விடும். எண்ண நான்கு முழுக்கூட்டிகளும் வேண்டும். சின்னக் குறியாக்கி 1 முடிந்து 0 தொடங்கும் இடத்தைத் தேடி, அதற்குரிய எண்ணை ரோம் நினைவகத்திலிருந்து எடுக்கும். இங்கே அந்த இடம் மூன்றிலும் இருக்கிறது, ஐந்திலும் இருக்கிறது. 011, 101 இரண்டும் ஒரே கம்பிகளில் OR ஆகி 111 வெளியே வரும். நாலையொட்டி இருக்க வேண்டியது ஏழாகிவிடும். அலைவடிவில் திடீரென ஒரு முள் எழும்.

7 பிட்டில் 128 சேர்க்கைகள் உண்டு, செல்லுபடியானவை எட்டே. 1க்கு நேர் கீழே 0 இருந்தால் செல்லாது:

```
wire [7:1] t;
wire bad = |(t[7:2] & ~t[6:1]);
```

'கீழேயும் 1 இருந்தால்தான் எல்லை' என்று மூன்று உள்ளீட்டு ஆண்ட் கேட் போட்டால் 0010111 மூன்றாகிவிடும். ஆனால் 0110111 அதையும் தாண்டி மறுபடி ஏழுதான் தரும்.

கோமதி:
எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலும் இதே கதை. ஏழு கம்பி, ஏழு விளக்கு. நாலாவது கம்பி துருப்பிடித்து அந்த விளக்கு மட்டும் எரியாது, ஐந்தாவது எரியும். தண்ணீர் ஐந்தில்தான் இருக்கும். 'நீர்மட்டக் குறி' என்றால் வீட்டில் எல்லோருக்கும் புரியுமே?

தேவா:
அருமையான உதாரணம் அக்கா. தொட்டியில் மேலே இருக்கும் 1ஐ நம்பலாம், ஏனென்றால் கெட்டது கம்பி என்று தெரியும். ஏடிசியில் அப்படியில்லை. உள்ளீடு வேகமாக மாறும்போது கடிகாரத் துடிப்பு கம்பரேட்டர்களுக்குச் சற்று முன்பின்னாகப் போய்ச் சேர்ந்தாலும் இதே வடிவம் வரும். யார் பிழை என்று சொல்ல முடியாது.

மலர்விழி:
நான் வெப்பமானியையே வைத்துக்கொள்கிறேன். பாதரசத் தம்பம் நடுவில் அறுந்து, மேலே ஒரு துண்டு தனியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 0010111 அச்சாக அதுதான். அதனால் பபுளுக்கு 'குமிழி'யை விட 'அறுபடல்' எனக்குப் பிடிக்கிறது.

சுந்தரம்:
அறுபடல் என்றால் கம்பி அறுந்ததாக நினைப்பார்கள். 'இடைமுறிவு'?

கோமதி:
என் தொட்டியில் நிஜமாகவே கம்பிதான் அறுந்தது. எனக்கு அறுபடல்!