உதவி: பம்பால 200 வித்தியாசம்தான் உண்டாக்க முடியும்னா, 1200 எங்கிருந்து வருது?

கீழ்ப்பாக்கம்_முதலாண்டு:
சிறுநீரகத்துல ஹென்லே வளைவோட தடித்த ஏறு குழல் உப்பை வெளியே தள்ளும், ஆனா உள்ளுக்கும் வெளியேவும் 200 மில்லி ஆஸ்மோல் வித்தியாசத்துக்கு மேல அதால உண்டாக்க முடியாதுன்னு படிச்சேன். அப்போ சிறுநீரகத்தோட உள்பகுதியான மெடுல்லாவோட அடியில 1200 எப்படி? இன்னொண்ணு, அடியில 1200 ஆன திரவம் மேல ஏறி வெளியேறும்போது 100 ஆயிடுது. ரத்தத்தை விடவே நீர்த்துப் போனா அப்புறம் அடர்த்தியான சிறுநீர் எங்க வருது? திங்கட்கிழமை வைவா.

மயிலைவாசி:
ஹென்லே வளைவுதான் சிறுநீரை அடர்த்தியாக்குது தம்பி. இறங்கு குழல்ல தண்ணி வெளியே போயிடும், அவ்வளவுதான். நீளமான வளைவுன்னா அடர்த்தி ஜாஸ்தி.

நெஃப்ரான்_நாகு:
மயிலைவாசி, நீளம் பத்தி சொன்னது சரி. வளைவுதான் சிறுநீரை அடர்த்தியாக்குதுங்கிறது தப்பு. வளைவு உப்பான மெடுல்லாவைத் தயார் பண்ணிக் கொடுக்குது, சிறுநீர் அடர்த்தியாகிறது சேகரிப்புக் குழாய்ல.

தம்பி, ஒரு தாளை எடுத்து, மேல இருந்து கீழ மூணு மட்டம் போடுங்க. ஒவ்வொரு மட்டத்திலும் இடப்பக்கம் இறங்கு குழல், வலப்பக்கம் ஏறு குழல். எல்லாம் 300ல ஆரம்பம். விதி ரெண்டே ரெண்டு. பம்பு வேலை செஞ்சா ஒவ்வொரு மட்டத்திலும் ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல 200 வித்தியாசம் வரணும், கூட்டுத்தொகை மாறக்கூடாது. அப்புறம் திரவம் ஒரு கட்டம் நகரும்: மேல புது 300 நுழையும், அடியில இருக்கிறது திரும்பி வலப்பக்கம் ஏறும்.

```
பம்பு 1:  400|200   400|200   400|200
நகர்வு:   300|200   400|200   400|400
பம்பு 2:  350|150   400|200   500|300
நகர்வு:   300|200   350|300   400|500
பம்பு 3:  350|150   425|225   550|350
```

இடமிருந்து வலமா மேல், நடு, அடி. அடி மட்டத்தை மட்டும் பாருங்க: 400, 500, 550. எந்த மட்டத்திலும் பம்பு 200க்கு மேல தள்ளவே இல்ல. ஆனா அது உண்டாக்கின அடர்த்தியை ஓட்டம் கீழ கொண்டுபோய் வைக்குது, பம்பு அதுக்கு மேலயே மறுபடி 200 தள்ளுது. எதிரெதிர் ஓட்டம் இல்லேன்னா இது நடக்காது.

கீழ்ப்பாக்கம்_முதலாண்டு:
ரொம்ப நன்றி சார். இப்படியே போட்டுக்கிட்டே போனா ஏறிக்கிட்டே இருக்குமா?

நெஃப்ரான்_நாகு:
இல்ல. மூணு மட்டம்னா அடியில 900ல நின்னுடும். ஒவ்வொரு மட்டம் சேர்த்தாலும் 200 கூடும். அதனாலதான் நீளம் முக்கியம். இந்தக் கணக்குல ஒரு ஓட்டை இருக்கு: கடைசியில மேல வெளியேறுறதும் 300 ஆகவே வரும், ஏன்னா தள்ளின உப்பு முழுக்க இறங்கு குழலுக்கே திரும்புதுன்னு வெச்சிருக்கோம். நிஜத்துல இறங்கு குழல்ல இருந்து தண்ணிதான் பெரும்பாலும் வெளியேறுது. அந்தத் தண்ணியையும் கொஞ்சம் உப்பையும் வாசா ரெக்டாங்கிற ரத்தக் குழாய்கள் அள்ளிக்கிட்டுப் போயிடும். அதனாலதான் வெளியேறுறது 100 கிட்ட இருக்கு.

உங்க ரெண்டாவது கேள்விக்கு வருவோம். அந்த 100, ஏடிஹெச் ஹார்மோன் இருந்தா, வெளிப்பகுதியான கார்டெக்ஸ்லயே தண்ணியை விட்டு 300க்கு வந்துடும். தண்ணி பெரும்பங்கு போறது இங்கதான். இது முக்கியம், அவ்வளவு தண்ணியும் மெடுல்லாவுக்குள்ள இறங்கினா நாம கட்டி வெச்ச உப்பைக் கழுவி விட்டுடும். மிச்சம் இருக்கிற கொஞ்சம் திரவம் சேகரிப்புக் குழாய்ல 1200 வரை போகும். ஏடிஹெச் இல்லேன்னா 100 அப்படியே, இல்ல இன்னும் நீர்த்து, வெளியே வரும்.

பெரம்பூர்_சுமதி:
எங்கப்பா ஃபுரோசமைட் மாத்திரை போட்டுக்கறாரு. இந்த வெயில்லயும் சிறுநீர் தண்ணி மாதிரி போகுது. ஏடிஹெச் கம்மியா இருக்குமோ?

நெஃப்ரான்_நாகு:
அதுக்கு ஏடிஹெச் காரணம்னு நினைக்க வேண்டாம்மா, மாத்திரை போட்டா அப்படித்தான் போகும். அது அடைக்கிறதே ஏறு குழலோட உப்பு பம்பைத்தான். மெடுல்லா உப்பு கரைஞ்சு போயிடும், ஏடிஹெச் கதவைத் திறந்தாலும் தண்ணியை இழுக்க வெளியே அடர்த்தி இல்ல. அதே சமயம் திரவத்தை நீர்க்க வைக்கிறதும் அந்தப் பம்புதானே, அதனால ரெண்டு பக்கமும் போகாம சிறுநீர் 300 பக்கத்துல நிக்கும், அடர்த்தி எண் 1.010 கிட்ட. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. தலைசுத்தல், திடீர்னு எடை குறையறது இருந்தா எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்ட உடனே சொல்லுங்க.

மயிலைவாசி:
சரி, ஒத்துக்கறேன். ஆனா உள் மெடுல்லாவுல மெல்லிய ஏறு குழல்தானே இருக்கு, அதுல பம்பே இல்லையே? உங்க தாள் கணக்கு அங்க செல்லாது.

நெஃப்ரான்_நாகு:
சரியா பிடிச்சீங்க. கணக்கு வெளி மெடுல்லாவுக்குத்தான். உள்ள 1200ல பாதிக்குக் கிட்ட யூரியா, சேகரிப்புக் குழாயோட அடிப்பகுதியில இருந்து வருது. அதனாலதான் புரதம் ரொம்பக் குறைவா சாப்பிடறவங்களால முழு அடர்த்திக்குப் போக முடியாது. மெல்லிய குழல்ல உப்பு தானாவே வெளியேறுதுன்னு 1972ல ஒரு விளக்கம் வந்தது. அது கேட்கிற அளவுக்குக் குழல் சுவரோட ஊடுருவும் தன்மை அளந்து பார்த்ததுல ஒத்துப் போகல, இன்னிக்கும் வாதம் நடக்குது.

கீழ்ப்பாக்கம்_முதலாண்டு:
வைவாவுல இதைக் கேட்டா என்ன சொல்றது?

மயிலைவாசி:
யூரியாவைச் சொல்லிட்டு நிறுத்திக்கோ. 1972ன்னு நீயா ஆரம்பிச்சா தேர்வாளர் விடமாட்டார்.