கேபிஐ-க்குத் தமிழ்: செயல் இலக்கா, செயல்காட்டியா?

அன்பரசி:
வணக்கம். ஒரு நிர்வாகக் கையேட்டைத் தமிழில் எழுதுகிறேன், பக்கத்துக்குப் பக்கம் கேபிஐ, அதாவது கீ பெர்ஃபார்மன்ஸ் இண்டிகேட்டர், வருகிறது. ‘முக்கியச் செயல்திறன் குறியீடு’ ரொம்ப நீளம். ‘செயல் இலக்கு’ என்று போடட்டுமா? எட்ட வேண்டிய எண்தானே அது?

கதிரேசன்:
இலக்கு என்று மட்டும் போடாதீர்கள். நான் ஒரு வாடிக்கையாளர் உதவி மையத்தில் மேற்பார்வையாளராக இருந்தவன். சராசரி அழைப்பு நேரம் 4 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்றார்கள். ஒரே மாதத்தில் எண் இறங்கியது, எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் 4 நிமிடம் நெருங்கியதும் எங்கள் ஆட்கள் “மேலே அனுப்பியிருக்கிறேன்” என்று சொல்லி அழைப்பை முடித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அதே வாடிக்கையாளர் மறுபடி அழைப்பார், அதுவும் புதிய அழைப்பாகவே கணக்கில் ஏறும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 நிமிடத்தில் முடிக்கும் ஒருவரிடம் ஒவ்வொரு முறையும் பாதிப் பேர் திரும்ப அழைத்தால், 100 பேரின் சிக்கல் தீர 200 அழைப்பு, அதாவது 800 நிமிடம் ஆகும். 6 நிமிடம் பொறுமையாகப் பேசுபவரிடம் பத்தில் ஒருவர்தான் திரும்பி வருகிறார் என்றால் சுமார் 111 அழைப்பு, 670 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அறிக்கையிலோ முதலாமவர்தான் கெட்டிக்காரர்! அழைப்பு நேரங்களை வரைபடமாகப் போட்டபோது 4 நிமிடக் கோட்டுக்குச் சற்று முன்னால் ஒரு குவியல் தெரிந்தது, அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

நவீன்:
இது வருடக் கடைசியில் ஊழியருக்குப் போடும் ரேட்டிங்தானே? ‘தர மதிப்பெண்’ போதாதா?

கதிரேசன்:
இல்லை தம்பி, அது ஆளுக்குப் போடுவது. இது வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க.

யூசுப்:
எங்கள் மென்பொருள் குழுவில் ஒவ்வொரு பிழைக்கும் ஒரு டிக்கெட் பதிவோம், சரிசெய்ததும் மூடுவோம். மூடிய டிக்கெட்டுகளை எண்ணினார்கள். ஒரே பிழையை மூன்று டிக்கெட்டாகப் பிரித்து மூடினோம், கடினமானதை யாரும் தொடவில்லை. என்னைக் கேட்டால் அளப்பதையே விட்டுவிடலாம்.

கதிரேசன்:
அளக்காமல் விட்டிருந்தால் அந்தக் குவியலும் தெரிந்திருக்காதே யூசுப் பாய். அழைப்பு நேரத்தோடு, 7 நாளுக்குள் திரும்ப அழைத்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்து வைத்தோம். ஒன்றை ஏமாற்றினால் மற்றது காட்டிக்கொடுத்துவிடும், முழுக்க இல்லாவிட்டாலும். ஓர் அளவையே இலக்காக்கினால் அது நல்ல அளவாக இருக்காது என்பதை குட்ஹார்ட் விதி என்பார்கள். 1975-இல் பணக் கொள்கை பற்றி பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் சொன்னதிலிருந்து வந்தது.

அதனால் என் பரிந்துரை ‘முதன்மைச் செயல்காட்டி’. திசைகாட்டி, நாள்காட்டி மாதிரி. திசைகாட்டியைப் பார்த்து நடக்கிறோம், அதை நோக்கி நடப்பதில்லை.

யூசுப்:
சொல் நன்றாக இருக்கிறது, ஆனால் ‘செயல்’ இடிக்கிறதே. டிக்கெட்டை மூடுவதும் செயல்தான். பிழை திரும்ப வராததுதான் விளைவு. ‘விளைவுகாட்டி’ என்றால் என்ன?

கதிரேசன்:
நியாயமான கேள்வி. ஆனால் அழைப்பு நேரம் விளைவு இல்லை, அதையும் கேபிஐ என்றுதானே சொல்கிறார்கள்?

அன்பரசி:
இப்போதைக்கு ‘முதன்மைச் செயல்காட்டி’ என்றே எழுதிவைக்கிறேன், ‘இலக்கு’ வந்த இடங்களை மாற்றிவிட்டேன். ‘விளைவுகாட்டி’ பற்றி மற்றவர்களும் சொல்லுங்கள், அச்சுக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது.