ஒரே வாடகை, மூன்று திட்டங்கள்: பொதுச் செலவுப் பங்கீட்டில் நான் பார்த்தது

திருச்சி, தணிக்கையாளர்:
போன வருடம் ஒரு தொண்டு நிறுவனத்தின் கணக்கைத் தணிக்கை செய்யப் போயிருந்தேன். சுகாதாரம், கல்வி, குடிநீர் என்று மூன்று திட்டங்கள், மூன்றுக்கும் பணம் தருபவர்கள் வேறு வேறு, அலுவலகம் மட்டும் ஒன்று. மாத வாடகை 40,000. ஆள் எண்ணிக்கைப்படி பிரிக்க வேண்டும் என்று அவர்களுடைய நிதிக் கையேட்டிலேயே இருக்கிறது. மொத்தம் 20 பேர், சுகாதாரத்துக்கு 10, கல்விக்கு 6, குடிநீருக்கு 4, ஆகவே 20,000, 12,000, 8,000. ஏப்ரல் முதல் ஜூன் வரை வவுச்சர்களைப் பார்த்தேன், எல்லாம் சரியாகவே இருந்தன.

வாடகை முழுவதையும் முதலில் டேலியில் ‘பொது’ என்ற காஸ்ட் சென்டரில் போட்டுவிட்டு, மாதக் கடைசியில் ஒரு ஜர்னல் போட்டு மூன்றுக்கும் பிரிப்பார்கள். அப்படியென்றால் வருடக் கடைசியில் அந்தப் பொதுக் கணக்கில் ஒன்றும் மிஞ்சக் கூடாது. மார்ச் 31-ல் பார்த்தால் வாடகையில் 72,000 வரவு இருப்பு நிற்கிறது. வீட்டுக்காரருக்குக் கொடுத்ததைவிட அவ்வளவு அதிகமாகத் திட்டங்களிடமிருந்து எடுத்திருக்கிறார்கள்.

மாதம் மாதமாக எழுதிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அக்டோபரிலிருந்து குடிநீரின் பங்கு 8,000 அல்ல, 20,000. மற்ற இரண்டும் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, கூட்டினால் 52,000. கணக்காளர் ஒளிக்காமல் சொன்னார்: குடிநீர்த் திட்டத்துக்கு டிசம்பரோடு வருடம் முடிகிறது, பட்ஜெட்டில் பணம் மிச்சம் இருந்தது, செலவாகாவிட்டால் திருப்பித் தர வேண்டும், அதனால் பட்ஜெட் விகிதத்துக்கு மாற்றச் சொன்னார்களாம். ஜனவரிக்கு அப்புறமும் முந்தைய மாத ஜர்னலையே நகலெடுத்துப் போட்டதால் அது மார்ச் வரை ஓடிவிட்டது.

இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். அடிப்படையை மாற்றுவது குற்றமில்லை. மாற்றினால் ஒரே தேதியில் மூன்றுக்கும் மாற்ற வேண்டும், ஏன் என்று எழுதி வைக்க வேண்டும். பணம் தருபவர் ஒவ்வொருவரும் தன் அறிக்கையை மட்டும்தான் பார்ப்பார், தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் சுத்தம்.

மதுரை, தொண்டு நிறுவனக் கணக்காளர்:
நாங்களும் ஆள் எண்ணிக்கையில்தான் பிரிக்கிறோம் சார். வாடகை, வண்டி, டீசல் எல்லாவற்றுக்கும் அதே விகிதம்தான். ஒரே அடிப்படையை மாற்றாமல் வைத்திருந்தால் எந்தச் சிக்கலும் வராது, எங்கள் ஆடிட்டரும் இதுவரை கேட்டதில்லை.

சென்னை, ஓய்வுபெற்ற உள் தணிக்கையாளர்:
பாதி சரி தம்பி. விகிதம் மாறாமல் இருப்பது வேறு, அடிப்படை மாறாமல் இருப்பது வேறு. திருச்சிக்காரர் சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள், சுகாதாரத்தில் ஜூலையில் இரண்டு பேர் போய்விட்டால் 18-ல் 8 பேர்தான், பங்கு 17,778 ஆகிவிடும். 20,000 என்றே போட்டுக்கொண்டிருந்தால் மாதம் 2,222 அவர்கள் தலையில் கூடுதல். அதனால் நான் விகிதத்தை வைத்துக்கொண்டு பெருக்கிப் பார்ப்பதோடு விடமாட்டேன், வருகைப் பதிவேட்டை எடுத்து அந்த மாதத்தில் யார் யார் இருந்தார்கள் என்று எண்ணிவிடுவேன். வண்டிக்கு ஆள் எண்ணிக்கை பொருந்தவே பொருந்தாது, கல்விக்காரர்கள் அலுவலகத்திலேயே உட்கார்ந்திருக்க, குடிநீர்க்காரர்கள் தினமும் கிராமத்துக்குப் போவார்கள். லாக் புக்கில் கிலோமீட்டர் இருக்கிறதே, அதில் பிரியுங்கள்.

இன்னொன்று, இரண்டு திட்டத்துக்கும் வேலை பார்ப்பவரின் சம்பளத்தை நேரப் பதிவேட்டை வைத்துப் பிரித்திருந்தால், அதை விடுப்புப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்த மூன்று நாளிலும் நாலு மணி நேரம் இங்கே, நாலு மணி நேரம் அங்கே என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஈரோடு, ஆலைக் கணக்கு:
எங்களிடம் மின்கட்டணத்தைச் சதுர அடியில் பிரித்துக்கொண்டிருந்தோம். பெரிய இடம் குடோன்தான், அங்கே எரிவது நாலு விளக்கு. சாயப் பிரிவில் மோட்டார் இரவு பகலாக ஓடும். சாயத்தின் அடக்கவிலை குறைவாகத் தெரிந்து, அதை நம்பியே ஜாப் ஒர்க் ரேட் பேசிவிட்டோம். சப் மீட்டர் வைத்த பிறகுதான் தெரிந்தது.

சேலம், ஆர்டிகிள்ஷிப் மாணவி:
அப்போ இந்த வாடகை எஃப்சிஆர்ஏ-வின் 20 சதவீத வரம்பைத் தாண்டிவிட்டது என்றுதானே பிரச்சினை?

திருச்சி, தணிக்கையாளர்:
இல்லைம்மா, அது வேறு கேள்வி. வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவின் வரம்பு 2020 திருத்தத்தில் 50-லிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது, அதையும் தனியாகப் பார்க்கத்தான் வேண்டும். பங்கு சரியாக இருந்தும் அதை நிர்வாகத் தலைப்பில் காட்டாமல் திட்டச் செலவில் ஒளித்திருக்கலாம்.

என் விஷயத்தில், ஜனவரி முதல் மார்ச் வரைக்கான 36,000-ஐத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். மீதி 36,000 டிசம்பரோடு முடிந்த அறிக்கையில் போய், பணம் தந்தவரும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டார். அடுத்த அறிக்கையில் கழித்துவிடுகிறோம் என்கிறார்கள், நான் எழுத்தில் தெரிவித்துவிட்டுக் கழியுங்கள் என்கிறேன். சென்னை ஐயா, நீங்களாக இருந்தால் பழைய அறிக்கையையே திருத்தச் சொல்வீர்களா?

சென்னை, ஓய்வுபெற்ற உள் தணிக்கையாளர்:
ஒப்பந்தத்தில் மிச்சத் தொகையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் சொல்லமாட்டேன். அந்தப் பக்கத்தை முதலில் படித்துச் சொல்லுங்கள்.