கேள்வி ஏறிக்கொண்டே போகும் தேர்வில் எதை, எப்போது விட்டீர்கள்?

திருப்பூர் பனியன்
எம்பிஏ சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வை எழுதிவிட்டேன். கணக்குப் பகுதியில் 21 கேள்விகள், 45 நிமிடம். முதல் நான்கைந்து சரளமாகப் போயின. அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் முரண்டு பிடித்தது. சரியாகப் போட்டால் அடுத்தது கடினமாக வரும் என்று தெரிந்துதான் உட்கார்ந்தேன். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் பழகிய மனம், ஒன்றைக்கூட விடக்கூடாது என்று அடம்பிடித்தது. அதை அடக்குவதுதான் பெரும்பாடு. இரண்டு கேள்விகளுக்கு உத்தேசமாக விடையைத் தட்டிவிட்டு நகர்ந்தேன். நீங்கள் எப்படிச் செய்தீர்கள்?

ஈரோட்டுக்காரி
முதல் பத்துக் கேள்விகளில்தான் எல்லாமே இருக்கிறது அண்ணா. எங்கள் பயிற்சி வகுப்பில் அப்படித்தான் சொன்னார்கள். அங்கே எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை. மேலே ஏறிவிட்டால் பிறகு இறங்க மாட்டோம்.

காந்திபுரம் வாத்தியார்
பாதி சரி அம்மிணி. உங்கள் ஊர் மஞ்சள் மண்டியில் தராசுத் தட்டில் முதலில் பெரிய படிக்கல்லையும் பிறகு சிறியதையும் வைப்பார்கள் அல்லவா, அதுபோல ஆரம்பத்தில் உங்கள் திறனைப் பற்றிய கணினியின் மதிப்பீடு பெரிதாக ஆடும், போகப்போக ஆட்டம் குறையும். ஆனால் கடைசிவரை அது நகர்ந்துகொண்டேதான் இருக்கும். கீழே இறக்கவும் செய்யும்.

என்னிடம் படித்த பவானிப் பையன் ஒருவன் மாதிரித் தேர்வில் நீங்கள் சொன்னபடியே செய்தான். முதல் ஆறு கேள்விகளுக்கே 24 நிமிடம் போய்விட்டது. மீதி 15 கேள்விகளுக்கு 21 நிமிடம், அதாவது ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம்கூட இல்லை. கடைசி நான்கைப் படிக்காமலேயே தட்டினான். பிறகு எடுத்துப் பார்த்தால், அவற்றில் இரண்டு அவன் தூக்கத்தில்கூடப் போடக்கூடியவை. வரிசையாகத் தவறு விழுந்தால் மதிப்பெண் சரியும். விடையே குறிக்காமல் விட்டால் அதைவிட மோசம்.

அடுத்த முறை குறிப்பு எழுதும் பலகையின் மூலையில் 45, 30, 15 என்று எழுதச் சொன்னேன். ஏழு கேள்வி முடியும்போது கடிகாரத்தில் 30 நிமிடம் மீதி இருக்க வேண்டும், பதினான்கு முடியும்போது 15. பிந்தினால் அடுத்து வரும் கடினமான கேள்வி ஒன்றுக்கு உத்தேசமாகத் தட்டிவிட்டு உடனே நகர வேண்டும். மதிப்பெண் நன்றாகவே ஏறியது.

எதை விடுவது என்பதற்கு ஒரு கேள்வியையே பாருங்கள். 1 முதல் 30 வரையுள்ள எண்களைப் பெருக்கினால், அந்தப் பெருக்குத்தொகையை 3-ஆல் மீதியின்றி எத்தனை முறை வகுக்கலாம்? 3-இன் மடங்குகள் 10, 9-இன் மடங்குகள் 3, 27-இன் மடங்கு 1, ஆக 14. வழி தெரிந்தவனுக்கு அரை நிமிடம். தெரியாதவன் எண்களை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டு நான்கு நிமிடம் உட்காருவான். முதல் அரை நிமிடத்தில் வழி தென்படவில்லை என்றால் அடுத்த கேள்விக்கு நகர்ந்துவிடுங்கள். உங்கள் உயரத்துக்கு ஏற்ற கேள்வியைத்தான் தேடித் தருகிறார்கள், அதனால் நன்றாகப் படித்தவனுக்கும் சில தவறும்.

நாமக்கல் அப்பா
ஐயா, அப்படியானால் முதலில் வேண்டுமென்றே தவறாகப் போட்டு, எளிய கேள்விகளை வரவழைத்து, எல்லாவற்றையும் சரியாகப் போட்டால் என்ன? என் மகன் வங்கித் தேர்வு எழுதுகிறான். அவனிடமும் சொல்லலாமா?

காந்திபுரம் வாத்தியார்
வேண்டாம் ஐயா. எத்தனை சரி என்று மட்டும் எண்ணுவதில்லை, எவ்வளவு கடினமானதைச் சரியாகப் போட்டான் என்பதும் சேரும். எளியவற்றை எல்லாம் சரியாகப் போட்டாலும் கைநழுவிய உயரம் முழுதாகத் திரும்பாது. மகன் எழுதும் வங்கித் தேர்வு வேறு வகை. அங்கே விடைக்கு ஏற்பக் கேள்வி மாறாது, தவறுக்குக் கால் மதிப்பெண் கழியும். கண்ணை மூடிக்கொண்டு தட்டுவது அங்கே பெரிதாக உதவாது.

பொள்ளாச்சி செவிலி
நான் எழுதியது அமெரிக்க செவிலியர் உரிமத் தேர்வு, என்கிளெக்ஸ். அதில் தாண்டிப் போகவும் முடியாது, திரும்பி வரவும் முடியாது. குறைந்தது 85 கேள்விகள், அதிகம் 150. தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா கீழா என்று 95 சதவீதம் உறுதியானதும் கணினி நிறுத்திவிடும். எனக்கு 85-இல் திரை நின்றது. கடைசிக் கேள்வி மிகச் சுலபமாகத் தெரிந்ததால் தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன், ஆனால் தேறியிருந்தேன். அந்த 85-இல் 15 கேள்விகள் மதிப்பெண்ணில் சேராத சோதனைக் கேள்விகள், எவை என்று நமக்குத் தெரியாது. கேள்வியின் கடினத்தை வைத்து ஜோசியம் பார்க்காதீர்கள். அது அடுத்த கேள்வியைக் கெடுக்கும்.

ஈரோட்டுக்காரி
வாத்தியாரே, 21-ஐயும் முடித்த பிறகு மூன்று விடைகளை மாற்றிக்கொள்ளலாமே. அதற்கு நேரம் மிச்சம் வைக்க வேண்டாமா?

காந்திபுரம் வாத்தியார்
விட்டவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு, நேரம் தானாக மிஞ்சினால் பாருங்கள். அதற்கென்று ஒதுக்க வேண்டாம் என்பது என் கட்சி.

திருப்பூர் பனியன்
நான் மூன்று நிமிடம் ஒதுக்கினேன், ஐயா. விட்ட இரண்டில் ஒன்றுக்கு வழி கிடைத்தது. அதற்காக நடுவில் வேறு எதை அவசரமாகக் கெடுத்தேன் என்பதுதான் தெரியவில்லை.