பொருள்: ‘கிளீன் இன்ஸ்டால்’ – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

செல்வி எழுதியது:

வணக்கம். கிராபிக்ஸ் இயக்கியை மறுபடி நிறுவுவது பற்றிய ஒரு உதவிக் குறிப்பைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நிறுவும்போது Custom என்பதை அழுத்தினால் வருகிற `Perform a clean installation` என்ற தேர்வுக்கு ‘சுத்தமான நிறுவல்’ என்று போட்டிருந்தேன். அதைப் படித்த ஒருவர் கேபினெட்டைத் திறந்து, கார்டின் விசிறியில் இருந்த தூசியை எல்லாம் துடைத்துவிட்டு, கேம் இன்னும் திறக்கவில்லை என்று எழுதுகிறார். அவர் மேல் தப்பில்லை, நான் போட்ட சொல் அப்படி. வேறு சொல் வேண்டும்.

முருகேசன் எழுதியது:

‘துடைத்து நிறுவல்’ என்று வையுங்கள். அந்தத் தேர்வை டிக் செய்தால் பழசு ஒன்றுவிடாமல் போய்விடும், அதற்கு அப்புறமும் கேம் திறக்கவில்லை என்றால் கார்டில்தான் கோளாறு.

பொன்னுசாமி எழுதியது:

நான் வேளாண் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், கணினி கொஞ்சம்தான் தெரியும். கரும்பை வெட்டிய பிறகு அதே கட்டையிலிருந்து தழைத்து வருவதை மறுதாம்பு என்போம். முதல் பயிரில் நோய் இருந்தால் அது கட்டையிலேயே தங்கி மறுதாம்பிலும் வரும், அப்போது கட்டையைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதுக் கரணை நடுவதுதான் வழி. பழையதன் மேலேயே நிறுவுவது மறுதாம்பு மாதிரி என்று எனக்குப் படுகிறது. அப்புறம் ஒரு சந்தேகம்: நேற்று இயக்கியை நீக்கினேன், திரையில் எழுத்தெல்லாம் பெரிசாகிவிட்டது. கெட்டுவிட்டதா?

அருள் எழுதியது:

ஐயா, ஒன்றும் கெடவில்லை. Device Manager-இல் `Microsoft Basic Display Adapter` என்று காட்டும் பாருங்கள், விண்டோஸ் தன்னிடம் இருக்கும் எளிய இயக்கியில் ஓடுகிறது என்று பொருள். புது இயக்கியை நிறுவினால் சரியாகிவிடும். உங்கள் கட்டை உவமை மிகச் சரி.

முருகேசன், நீங்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. சாதாரணமாக மேலேயே நிறுவும்போது இயக்கிக் கோப்புகள் மாறும், ஆனால் ஒவ்வொரு கேமுக்கும் நாம் எப்போதோ மாற்றி வைத்த அமைப்புகள் அப்படியே நிற்கும், அதனால்தான் மூன்று முறை நிறுவினாலும் அதே இடத்தில் விழுகிறது. அந்த டிக் இந்த அமைப்புகளை அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும். இன்னும் ஆழமாகப் போக, இயக்கியை வேரோடு நீக்கும் DDU என்ற நிரல் இருக்கிறது. அதை Safe Mode-இல் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் பயன்பாட்டில் இருக்கும் கோப்புகளை அழிக்க விடாது. அதற்கு முன் இணையத்தையும் துண்டிக்க வேண்டும், இல்லையென்றால் நீங்கள் நிறுவுவதற்குள் விண்டோஸ் அப்டேட் தானே ஒரு இயக்கியைக் கொண்டுவந்து போட்டுவிடும்.

ஆனால் இதெல்லாம் இயக்கிக்குச் சொந்தமான எச்சம்தான். இயக்கிக்கு வெளியே இருப்பதை எதுவும் தொடாது. என் தங்கை மகன் கணினியில் வல்கன் என்ற கிராபிக்ஸ் இடைமுகத்தில் ஓடும் ஒரு கேம், ஜன்னல் ஒரு நொடி கறுப்பாக வந்து மூடிக்கொள்ளும். DDU வரை போய்விட்டோம், பலனில்லை. `vulkaninfo --summary` ஓட்டியபோது, 6 மாதத்துக்கு முன்பு நீக்கிய ஒரு திரைப்பதிவு நிரலின் லேயர், அதாவது கேமுக்கும் இயக்கிக்கும் நடுவில் புகுந்துகொள்ளும் துண்டு நிரல், இன்னும் பட்டியலில் இருந்தது. இப்படித் தானாக ஏறும் லேயர்களை நிறுத்திவைக்க, கமாண்ட் ஜன்னலில் இதைத் தட்டி, அதே ஜன்னலிலிருந்தே கேமைத் தொடங்கினோம்:

```
set VK_LOADER_LAYERS_DISABLE=~implicit~
```

உடனே திறந்தது. ரெஜிஸ்ட்ரியில் `HKLM\SOFTWARE\Khronos\Vulkan\ImplicitLayers` போய், அந்தப் பகுதியை ஏற்றுமதி செய்து வைத்துக்கொண்டு, அந்த லேயரின் வரியை மட்டும் நீக்கினோம், அதோடு சரி. பழைய நிரலை நீக்கியபோது அதன் கோப்புகளும் இந்த வரியும் நின்றுவிட்டன, வல்கன் ஒவ்வொரு முறையும் அதைச் சேர்த்து ஏற்றியது. கார்டைக் குறை சொல்லியிருந்தால் வீணாகப் புதுசு வாங்கியிருப்போம்.

அதனால் ‘துடைத்து’ வேண்டாம், எல்லாம் போய்விட்டது என்ற நம்பிக்கையைக் கொடுக்கிறது. ‘எச்சம் நீக்கி நிறுவல்’ என்பது என் பரிந்துரை, எதன் எச்சம் என்ற கேள்வியாவது படிப்பவர் மனதில் எழும்.

முருகேசன் எழுதியது:

வல்கன் விஷயம் எனக்குத் தெரியாது, ஏற்கிறேன். ஆனால் எச்சம் என்றால் எங்கள் பக்கம் காக்கை எச்சம்தான் முதலில் ஞாபகம் வரும்.

அருள் எழுதியது:

பெயரெச்சம், வினையெச்சம் என்று பள்ளியிலேயே படிக்கிறோமே. ‘மிச்சம்’ என்றால் சேமித்தது என்ற தொனி வந்துவிடும்.

செல்வி எழுதியது:

பொத்தானில் இடம் குறைவு, ‘எச்சம் நீக்கி நிறுவு’ என்று போட்டுப் பார்க்கிறேன். பழையதன் மேலேயே போடுவதற்கு ‘மேல்நிறுவல்’. பொன்னுசாமி ஐயா, உங்கள் மறுதாம்பை விளக்கப் பகுதியில் அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? வல்கன் லேயரில் ‘லேயர்’ என்பதற்கு அடுக்கா, படலமா என்று தனி மடலில் கேட்கிறேன்.